வெளி யூனிட்டின் கீழ்மூலை

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் வந்து மோதியது. முத்துத்தாய் அங்கேயே நின்று மகளைத் திரும்பிப் பார்த்தாள். பாத்தியா, எம்புட்டு சில்லுன்னு இருக்கு என்று அந்தப் பார்வை சொன்னது.

சுபலட்சுமிக்கு அந்தக் குளிர் பிடிக்கவில்லை. பழைய ஏசியைப் பார்க்க வருகிறவர்கள் வருவதற்கு முன்பே அதை ஓடவிட்டு வைத்திருந்தால் கவனமாக இருக்க வேண்டும் என்று வீரணன் அண்ணன் சொல்லியிருந்தார். கப்பலூரில் அவள் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் ஏசிகளைப் பராமரிப்பவர் அவர். ரப்பர் துண்டுகளை இழுத்துப் பார்க்கும் அறை ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதால் மாதத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பார். அவரிடம் கேட்டுக் கேட்டு எதை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, சோதனைக்கூடத்துத் தெர்மாமீட்டரையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கைப்பையில் அதனோடு ஒரு சின்ன பாட்டிலில் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் இருந்தன.

"வாங்கோ, உக்காருங்கோ" என்றார் அனந்தநாராயணன். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தல்லாகுளத்தில் இந்த மூன்றாவது மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, மகன் கிரிதரோடு இருக்க மனைவியுடன் பெங்களூருக்குப் போகிறார். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவருடைய மனைவி வாலாம்பாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"காப்பி போடறேன். பேப்பர் கப்புலதான் தருவேன். தப்பா நெனச்சுக்காதேள், பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்டியாச்சு."

"ஐய, அதெல்லாம் ஒன்னும் இல்லைங்கம்மா" என்றாள் முத்துத்தாய். தப்பாக நினைத்துவிடாதீர்கள் என்று சொன்ன பிறகுதான் அதில் தப்பாக நினைக்க ஏதோ இருப்பது சுபலட்சுமிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஏசி படுக்கையறைச் சுவரில் இருந்தது. வெள்ளை நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. முத்துத்தாய் அதை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு அது போதும். வில்லாபுரம் வீட்டு மாடி அறையின் சுவரில் இப்படி ஒன்று தொங்கினால் போதும். அந்த அறையில் மூத்தவள் பாண்டீஸ்வரி பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். மேலே வெறும் தளம். பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரியெல்லாம் சூட்டை இறக்கியது. குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வெடித்திருந்தது. போன வாரம் திருமங்கலத்திலிருந்து பார்க்க வந்த மாமியார் சோணையம்மாள் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வாரத் தவணை கொடுத்து, நாளைக் காலை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டாள். "ஏசி மாட்டியிருந்தா இருக்கட்டும். இல்லன்னா எம் பேரனை நான் கூட்டிட்டுப் போறேன்." பிரசவத் தையல் பிரிந்து மறுபடி போட்டிருந்த பாண்டீஸ்வரிக்கு எழுந்து உட்காரவே முடியவில்லை. மாமியார் வீட்டில் அவளால் படுத்திருக்க முடியாது. அவள் இங்கே இருப்பதா போவதா என்பது இந்த ஏசியில் இருந்தது.

"நல்லா ஓடுதுங்க" என்றாள் முத்துத்தாய். "சுபா, சரின்னு சொல்லிரலாம்ல?"

சுபலட்சுமி அவளைப் பார்க்காமல் அனந்தநாராயணனிடம் சொன்னாள். "சார், ஒரு தடவ ஆஃப் பண்ணிக்கலாங்களா?"

"எதுக்கு?"

"ரூம் ஏற்கனவே குளுந்து போயிருச்சுங்க. ஜன்னலத் தொறந்து வச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி போட்டுப் பாக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் தேய்ந்துவிட்டது. முத்துத்தாய் அவளுடைய முழங்கையைக் கிள்ளினாள். அனந்தநாராயணன் ஒரு கணம் யோசித்துவிட்டு ரிமோட்டை எடுத்தார். "பேஷா. நிறுத்தி நிறுத்திப் போட்டா கெட்டுப்போகும். நீ சொல்றியேன்னு பண்றேன்."

ஜன்னல் வழியாக வெயிலும் பஸ்களின் ஹாரன் சத்தமும் உள்ளே வந்தன. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. முத்துத்தாய் ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்த மாதிரி காபி எங்க வீட்ல யாருக்கும் போடத் தெரியாதுங்கம்மா" என்றாள். வாலாம்பாள் சந்தோஷப்பட்டு, பொடியை எந்தக் கடையில் அரைப்பது என்று சொன்னாள். காலிக் கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுபலட்சுமி கையிலேயே வைத்திருந்தாள்.

"பொண்ணு என்ன படிச்சிருக்கா?"

"பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்" என்றாள் முத்துத்தாய். "அதாங்க இப்புடி. வீட்ல ரசத்துக்குக்கூட சூடு பாக்குறவ."

வாலாம்பாள் சிரித்தாள். அனந்தநாராயணன் சிரிக்கவில்லை.

படுக்கையறையில் வியர்க்க ஆரம்பித்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியைப் போடச் சொன்னாள். முதலில் உள்ளே இருந்த விசிறி மட்டும் சுற்றியது. சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், பின்பால்கனியில், டக் என்று ஒரு சத்தம். வெளி யூனிட் ஓட ஆரம்பித்தது. அவள் மூடியிருந்த பால்கனிக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். கம்ப்ரஸர் தடுமாறினால் கிளம்பி, நின்று, மறுபடி கிளம்பும். உள்ளே தேய்ந்திருந்தால் தகரத்தில் கல் உருள்வதுபோலக் கேட்கும். இது இரண்டும் இல்லை. அடங்கிய, ஒரே சீரான முனகல். அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

நாற்காலியில் ஏறி, காற்று உள்ளே போகும் மேல்பக்கத்தில் தெர்மாமீட்டரின் முனையைப் பிடித்தாள். பிறகு காற்று வெளியே வரும் வாயில். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஏறிக்கொண்டே போய்ப் பன்னிரண்டு டிகிரியில் நின்றது. நல்ல ஏசியில் அவ்வளவுதான் இருக்க வேண்டும். மூடியைத் திறந்து உள்ளே இருந்த குழாய்ச் சுருளை, காயிலை, பார்த்தாள். முழுக்க ஒரே மாதிரி ஈரம் பூத்திருந்தது. எங்கேயும் பனி கட்டவில்லை.

"என்ன, பாஸா ஃபெயிலா?" என்றார் அனந்தநாராயணன்.

"நல்லாருக்குங்க சார்."

"அப்பறம் என்னத்தா" என்றாள் முத்துத்தாய். அவள் கை ஏற்கனவே இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்குப் போயிருந்தது. "மெக்கானிக் அழகுபாண்டிக்கு போனைப் போடு. அவன் வந்து கழட்டட்டும்."

"வெளி யூனிட்ட மட்டும் ஒரு தடவ பாத்துக்கறேன்மா. பைப்பு சேர்ற எடம்."

அவள் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கவும், வாலாம்பாள் கூடத்திலிருந்து வேகமாக வந்தாள்.

"அங்க போகாதம்மா. மடி காயறது."

சுபலட்சுமி கையை எடுத்துக்கொண்டாள். கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வெளி யூனிட்டின் மேலே குறுக்காக ஒரு கொடி. அதில் ஒரு பட்டுப்புடவையும் ஒரு வேட்டியும் யூனிட்டை மூடியபடி தொங்கின.

"நாளைக்கு எங்க மாமனாருக்குத் திவசம்" என்றாள் வாலாம்பாள். குரலில் கடுமை இல்லை. "குளிச்சுட்டு நனைச்சுப் போட்டது. வேற யாரும் மேல படப்படாது. நீ தப்பா நெனச்சுக்காத."

இரண்டாவது முறையாக அந்த வார்த்தை. சுபலட்சுமி தன் கையைப் பார்த்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஐயோ, வேணாங்கம்மா. அவ சின்னப்புள்ள, தெரியாது" என்று முத்துத்தாய் அவசரமாகச் சொன்னாள். பின்னால் இரண்டு அடி நகர்ந்து நின்றாள். அம்மா அப்படி நகர்ந்ததுதான் சுபலட்சுமிக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசியது.

"சத்தந்தான் கேட்டுட்டியே. குளிர்ச்சியும் பாத்தாச்சு" என்றார் அனந்தநாராயணன். "வெளியில என்ன, ஒரு தகரப் பெட்டி."

சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. சொல்லியிருப்பாள். ஆனால் அவள் மூளை ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தது. கேஸ் கசியும் ஏசியில்கூட, புதிதாக கேஸ் நிரப்பினால் கொஞ்ச நாளைக்குக் குளிர்ச்சி சரியாகத்தான் இருக்கும். உள்ளே நின்று பார்த்தால் தெரியாது. கசியும் இடத்தில் கேஸோடு எண்ணெயும் வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். அதை வெளியே போய்த்தான் பார்க்க வேண்டும்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பாக்காம வாங்க முடியாதுங்க."

ஏசி மட்டும் ஓடியது.

"அப்ப விட்டுடுங்கோ" என்றார் அனந்தநாராயணன். "சாயந்தரம் இன்னொருத்தர் வரார்."

"சுபா" என்றாள் முத்துத்தாய், பல்லுக்குள்.

வாலாம்பாள் கணவனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "அவா காசு குடுத்து வாங்கறா. பாக்கணும்னு சொல்றதுல என்ன தப்பு? நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?" குளியலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியும் குச்சியும் எடுத்து வந்தாள்.

"வாலா, வேண்டாம்" என்றார் அவர். "காஞ்சிண்டிருக்கு. மறுபடி நனைக்கணும்."

"நனைச்சுக்கறேன். எனக்கென்ன வேலை."

அவளே கதவைத் திறந்து பால்கனிக்குப் போனாள். குச்சியால் புடவையைத் தள்ளித் தள்ளி வாளிக்குள் இறக்கினாள். வேட்டியையும் இறக்கினாள். "போய்ப் பாரும்மா, நன்னாப் பாரு" என்று சொல்லிவிட்டு, வாளியோடு குளியலறைக்குள் போனாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. தனக்காக ஒருத்தி துணியை மறுபடி நனைக்கிறாள். சுபலட்சுமி செருப்பில்லாத காலைச் சுடும் தரையில் வைத்தாள்.

யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய்களும் வந்து சேர்ந்தன. தடித்த குழாயைத் தொட்டாள். சில்லென்று வேர்த்திருந்தது. அது நல்லது. மெல்லிய குழாயில் பனி இல்லை. அதுவும் நல்லது. இரண்டும் முடுக்கப்பட்டிருந்த இடங்கள் காய்ந்து சுத்தமாக இருந்தன. ஆனால் கேஸ் நிரப்பும் வாயின் மூடியில் ஸ்பானர் பட்ட தடம் பளபளவென்று புதிதாக இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் பல வருஷத்துத் தூசி.

அவள் குனிந்தாள். யூனிட்டின் பின்பக்கம், சுவரை ஒட்டி, அலுமினியத் தகடுகள் வரிசையாக இருந்தன. கீழ்மூலையில் ஒரு கை அளவுக்குத் தகடுகள் உதிர்ந்து, அங்கே மட்டும் கறுப்பு ஈரம். விரலால் தொட்டாள். எண்ணெய். கறுப்புக்கு நடுவே, குழாய் வளையும் இடத்தில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது.

"சார், ஆஃப் பண்ணுங்க."

அனந்தநாராயணன் பின்னாலேயே நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் ரிமோட்டை அழுத்தினார். விசிறி நின்றதும் அவள் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுப் பசையின் ஓரத்தில் தடவினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி வந்தது. அது உடைவதற்குள் பக்கத்தில் இன்னொன்று.

முடுக்கும் இடத்தில் கசிந்திருந்தால் ஓர் ஆளைக் கூப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். இது வெளிக் காயிலின் குழாயே அரித்துப்போனது. ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று விழும். மாற்றுவதென்றால் ஏசியின் விலைக்கே வந்துவிடும்.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"போன வாரந்தான் கேஸ் போட்டேன்" என்றார் அவர், மிகவும் தாழ்ந்த குரலில். "மெக்கானிக்தான் சொன்னான், கோடை முடியற வரைக்கும் ஓடும், அதுக்குள்ள தள்ளிவிட்டுடுங்கோன்னு." குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அவளுக்குத் தெரியாது."

அவருடைய கால்களைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. தேய்ந்த ஹவாய் செருப்பு. பெருவிரல் நகம் மஞ்சளாகப் பிளந்திருந்தது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே, மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்பது அங்கே நின்றது.

அவள் பாட்டிலை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வாலாம்பாள் புடவையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"என்னம்மா, திருப்தியா?"

"இது எங்க ரூமுக்குப் பெருசுங்க மாமி" என்றாள் சுபலட்சுமி. "சின்னதா ஒன்னு பாத்துக்கறோம்."

வாலாம்பாளின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று. "பெருசுன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா? அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே கொழந்தே. மடியெல்லாம் எடுத்தேனே."

"மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லை, போயிட்டு வாங்கோ" என்றார் அனந்தநாராயணன் வேகமாக.

படிக்கட்டில் முத்துத்தாய் இரண்டாவது மாடி வரை விறுவிறுவென்று இறங்கினாள். பிறகு ஆரம்பித்தாள்.

"பெருசாம்ல. ஏண்டி, பெரிய ஏசின்னா நல்லாத்தானடி குளுரும்? அந்தம்மா தண்ணில போட்டு அலசுச்சு, அதப் பாத்தும் ஒனக்கு வாய் வந்துச்சா? ஓசிக் காப்பி குடிக்க வந்தவளுகன்னு நெனச்சிருக்கும். நாளைக்கி ஓங்க அக்காவுக்கு நீயே போய் பதில் சொல்லு."

சுபலட்சுமி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அம்மாவிடமாவது சொல்லலாம். ஆனால் அம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. படிக்கட்டில் சொன்னால் மூன்று மாடிக்கும் கேட்கும். சாயந்திரம் வரப்போகிறவரும் மனதில் வந்தார். அவர் முகம் தெரியாதது சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியம் அவளைக் கூச வைத்தது.

கேட்டைத் திறக்கும்போது மேலே கதவு சத்தம் கேட்டது. "இந்தாம்மா, பொண்ணே, நில்லு."

வாலாம்பாள் படிகளில் பக்கவாட்டாக, ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள். தோளில் சொட்டச் சொட்டப் பட்டுப்புடவை. அவர்கள் நின்ற இடத்துக்கு வந்ததும் மூச்சு வாங்கினாள்.

"திரும்பக் கொடியில போடப் போனேன். கீழ்மூலைல நுரை வந்துண்டே இருக்கு. மெஷின் ஓடலை, ஆனா நுரை வரது. என்னது அது?"

துடைக்க மறந்துவிட்டது சுபலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது.

"காத்துப் போற எடமா?"

அவள் தலையசைத்தாள்.

"சரி பண்ண முடியாதா?"

"முடியாதுங்க."

"அதைப் பாத்துட்டுத்தான் ரூம் சின்னதுன்னு சொன்னியா?"

முத்துத்தாய் மகளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வாலாம்பாள் தோளில் இருந்த புடவையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பவும் உள்ளதான் மடி காயும். போன வாரம் இவர்தான் அங்க கொடி கட்டினார். ஏசி வெக்கையில சீக்கிரமாக் காயும், வாலா, அங்கயே போடுன்னார். நமக்காகச் செய்யறாரேன்னு நெனச்சேன்." நிறுத்தினாள். "முந்தாநாள் ஒரு தம்பதி வந்தா. நேத்திக்கு ஒருத்தர். ரெண்டு தடவையும் நான்தான் மடின்னு சொல்லி உள்ளயே நிறுத்தினேன். இன்னிக்கு உன்னையும்."

"மாமி, ஒங்களுக்குத் தெரியாதுல்லங்க" என்றாள் முத்துத்தாய்.

"தெரியாது. ஆனா வாசலை மறிச்சது நான்தானே." அவள் சுபலட்சுமியின் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான், ஈரப் புடவை அந்தக் கையின் மேல் படுவதை மூவரும் கவனித்தார்கள். வாலாம்பாள் கையை விடவில்லை. "நாளைக்கு வேற புடவை கட்டிக்கறேன். சாயந்தரம் வரவர்கிட்ட நானே சொல்லிடறேன். நீ இனிமே இப்படி யாருக்காகவும் பொய் சொல்லாத. கேக்கறவளுக்கு அது ரொம்ப அவமானம்."

அவள் திரும்பி ஏற ஆரம்பித்தாள். படிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

தல்லாகுளம் பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. முத்துத்தாய் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெகு நேரம் ரோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்த ஓட்டையோட மாட்டியிருந்தா எம்புட்டு நாள் ஓடும்?"

"ஒரு மாசம். ரெண்டு மாசம் ஓடுனா அதிகம்."

"சோணையம்மா வந்து பாக்குறப்ப ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கும்."

"அம்புட்டுதான் நானும் நெனச்சேன். சுவத்துல ஒன்னு தொங்குனாப் போதும்னு." முத்துத்தாய் தலையை ஆட்டினாள். "அந்த மனுசனச் சொல்றதுக்கு எனக்கு என்ன இருக்கு."

போன் அடித்தது. பாண்டீஸ்வரி. முத்துத்தாய் அதை எடுக்காமல் மகளிடம் நீட்டினாள். "சம்மந்திக்கு போட்டுக் குடு."

"எதுக்குமா?"

"போட்டுக் குடு."

சுபலட்சுமி போட்டுக் கொடுத்தாள். முத்துத்தாய் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும் குரலில் பேசினாள்.

"மதினி, நாந்தேன். ஏசி பாக்க வந்தோம். இல்ல, வாங்கல... கேளுங்க, கேளுங்க. பாத்தது நல்லா குளுந்துச்சு. ஆனா உள்ள ஓட்டை. சின்னவ கண்டுபிடிச்சா. வாங்கி மாட்டி ஒங்க கண்ணுக்குக் காட்டிருக்கலாம், நீங்களும் போயிருப்பீக. பெறகு பிள்ளதான் வேகும்... ஆமா, எங்ககிட்ட இப்ப இல்லதான். புதுசு வாங்க வக்கில்லதான், ஒத்துக்கிறேன். அவளால இன்னும் உக்கார முடியல மதினி. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள நல்லதா ஒன்னு மாட்டிருவோம். அதுவரைக்கும் ரெண்டு பேரையும் கீழ நம்ம ரூம்ல போட்டுக்கிறேன், நான் மாடிக்குப் போறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ வந்தது. முத்துத்தாய் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். முகம் கறுத்துச் சிறுத்துப்போயிற்று. பக்கத்தில் நின்ற ஒருவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சுபலட்சுமிக்கு அம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிடலாம்போல இருந்தது. பிடுங்கவில்லை.

"சரி மதினி" என்றாள் முத்துத்தாய் கடைசியில். "ஞாயித்துக்கெழம வாங்க. வரும்போது நீங்களே வெளி யூனிட்டச் சுத்தி வந்து பாத்துக்கங்க. அங்க துணி காயாது."

போனை வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வில்லாபுரம் பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது.

"அந்தத் தெர்மாமீட்டர எப்பக் குடுக்கணும்?"

"நாளைக்கி."

"வீரணங்கிட்ட கேட்டு இன்னும் ரெண்டு நாள் வச்சுக்க" என்றாள் முத்துத்தாய். "வெக்கப்படாமக் கேளு."